சரியாகும் என்றொரு தொடர், செய்வோம் என்றொரு தொடர்

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகிற பஸ் கோலியனூர் கூட்டுரோட்டில் நிற்கும்போது இறங்குபவர்களின் கால்களைக் கவனியுங்கள். வயதான அம்மாக்கள் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைக் கீழ்ப்படியில் வைப்பார்கள். மறுகாலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்த பிறகுதான் அடுத்த படி. நடவு, களையெடுப்பு, கரும்புக் கொல்லை என்று குனிந்தும் குத்தவைத்தும் நாற்பது வருஷம் உழைத்த முழங்கால்கள் இப்படித்தான் இறங்கும். இந்த ஊரில் யாராவது ஒரு பிசியோதெரபி கிளினிக் திறந்தால் முதல் வாரமே இந்த முழங்கால் வாசலில் வந்து நிற்கும்.

அழைத்துவருவது மகனோ மருமகளோ பேத்தியோ. அவர்கள் கிளினிக்கைப் பற்றி முதலில் அறிவது போனில்தான். இன்ஸ்டாகிராமில் கரோசல் என்று ஒன்று உண்டு. ஏழெட்டு அட்டைகளை ஒரே பதிவில் அடுக்கிவைத்தால் பார்ப்பவர் விரலால் தள்ளித் தள்ளி ஒவ்வொன்றாகப் படிப்பார். ஒரு பிசியோதெரபிஸ்ட் தன்னைப் பற்றி ஊருக்குச் சொல்ல இன்று கையில் இருக்கும் எளிய வழி அது.

அப்படி இரண்டு தொடர்களை இங்கே அருகருகே வைத்துப் பார்க்கிறேன். இரண்டும் முழங்கால் தேய்மானம் பற்றியவை. ஒரே கோலியனூர்க் கிளினிக்குக்காக எழுதியவை என்று வைத்துக்கொள்வோம். முதல் தொடரின் வாசகங்கள் நம் பக்கத்துச் சுவர்களிலும் போன் திரைகளிலும் தினமும் கண்ணில் படுபவை. அவற்றைப் பொறுக்கிக் கோத்தது மட்டுமே என் வேலை. இரண்டாவது தொடரை நானே எழுதினேன்.

முதல் தொடர் இப்படிப் போகும். ‘மூட்டு வலியா? இனி கவலை வேண்டாம்!’ என்று முதல் அட்டை. ‘ஆபரேஷன் இல்லாமல் நிரந்தரத் தீர்வு’ என்று இரண்டாவது. மூன்றாவதில் பளபளக்கும் ஒரு மெஷின். நான்காவதில் ‘10 சிட்டிங்கில் 100% குணம்’. ஐந்தாவதில் ஒருவர் வீல்சேரில் இருக்கும் படம், பக்கத்திலேயே அவர் நடக்கும் படம். கடைசியில் ‘இன்றே அழையுங்கள்’.

இரண்டாவது தொடரின் முதல் அட்டை ‘பஸ் படி ஏறும்போது முழங்கால் வலிக்கிறதா?’ என்று கேட்கிறது. அடுத்த அட்டையில் ‘தேய்ந்த ஜவ்வைத் திரும்ப வளரவைக்க எங்களால் முடியாது. தொடைத் தசையைப் பலப்படுத்த முடியும். அதனால் வலி குறையலாம்’ என்று இருக்கிறது. மூன்றாவது அட்டை முதல் நாள் என்னென்ன அளப்போம் என்று சொல்கிறது. நான்காவது எத்தனை வாரம் ஆகும், எவ்வளவு குறையலாம் என்கிறது. ஐந்தாவதில் ஒரு எடுத்துக்காட்டு. ஆறாவது அட்டை யார் எங்களிடம் வரக்கூடாது என்பதற்கு. ஏழாவதில், வரும்போது எதை எடுத்துவர வேண்டும் என்ற குறிப்பு.

வினைச்சொற்களைப் பார்த்தாலே வேறுபாடு புலப்பட்டுவிடும். முதல் தொடரில் உடம்புதான் எழுவாய். வலி தீரும், மூட்டு குணமாகும், நோயாளி நடப்பார். எழுதியவர் கையில் இல்லாத ஒன்றைப் பற்றி அத்தனை உறுதி. தான் என்ன செய்யப்போகிறோம் என்பதைப் பற்றியோ ஒரு வரிகூட இல்லை. இரண்டாவது தொடரில் உறுதியான வினைகள் எல்லாம் சிகிச்சை தருபவருடையவை. அளப்போம், கற்றுத்தருவோம், ஆறாவது வாரம் மறுபடி அளப்போம், பலன் தெரியாவிட்டால் எலும்பு மருத்துவரிடம் அனுப்புவோம். உடம்பைப் பற்றிய வினைகள் மட்டும் ‘குறையலாம்’, ‘கூடலாம்’ என்று நிற்கின்றன.

இந்தப் பிரிவினை முக்கியம். வாக்குறுதி தரக்கூடாது என்று யாராவது எச்சரித்ததும் சிலர் எல்லா வரியிலும் ‘லாம்’ போட்டுவிடுகிறார்கள். ‘நாங்கள் பரிசோதிக்கலாம், பயிற்சி தரலாம், வலி குறையலாம்’ என்று எழுதினால் வலியோடு இருக்கிறவருக்கு இவருக்கே ஒன்றும் தெரியாது போலிருக்கிறது என்றுதான் தோன்றும். நம்பிக்கை பிறக்க உறுதியான சொற்கள் வேண்டும். அவற்றை வைக்க வேண்டிய இடம் நம் கைக்குள் இருக்கும் வேலை.

இத்தகைய விளம்பரங்களில் வரும் ‘நிவாரணம்’ என்ற சொல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அகராதியில் அதற்குத் தணிவு, துயர்துடைப்பு என்ற பொருள்கள் உண்டு. எழுதுபவர் அதை நினைத்து எழுதலாம். விளம்பரப் பலகையில் படிப்பவர் ‘தீர்ந்துவிடும்’ என்றே எடுத்துக்கொள்வார். ‘தீர்வு’ம் அப்படித்தான். ‘ஆபரேஷன் இல்லாமல்’ என்பது இன்னும் நுட்பமானது. அதில் குணம் என்ற சொல்லே கிடையாது. ஆனால் ஆபரேஷன் செய்துகொள்ளும்படி மருத்துவர் சொல்லிவிட்ட ஒருவருக்கு அந்தத் தொடர் ‘எங்களிடம் வந்தால் அது தேவைப்படாது’ என்ற வாக்குறுதியாகவே கேட்கும். முற்றிய தேய்மானத்தில் மூட்டு மாற்று அறுவையே சரியான வழியாக இருக்கும் ஆட்களும் உண்டு. அவர்களை ஒரு வருஷம் தாமதப்படுத்த அந்த இரண்டு சொற்கள் போதும்.

முதல் தொடரின் உயிர் ‘10 சிட்டிங்’கில் இருக்கிறது. அதுதான் வேலையையும் கெடுக்கிறது. முழங்கால் தேய்மானத்துக்கு உலகமெங்கும் முதலில் பரிந்துரைப்பது உடற்பயிற்சியும் நோயைப் பற்றிய விளக்கமும், எடை கூடியிருந்தால் எடைக் குறைப்பும். டென்மார்க்கில் 2013இல் இயன்முறை மருத்துவ ஆய்வாளர்கள் இதற்காகவே கிளாட் என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். அதில் இரண்டு விளக்க வகுப்புகள், பிறகு ஆறு வாரங்களில் பன்னிரண்டு பயிற்சி வகுப்புகள். தசை பலமாவதற்கு அத்தனை நாள் பிடிக்கும். பத்தே நாளில் நடப்பது பெரும்பாலும் வேறு. கரண்ட் வைத்தால், ஒத்தடம் கொடுத்தால் சில மணி நேரம் இதமாக இருக்கும். தவிர, தேய்மான வலி ஒரே சீராக இருப்பதில்லை. சில வாரம் ஏறும், சில வாரம் தானாக இறங்கும். ஆட்கள் கிளினிக்குக்கு வருவது அது உச்சத்தில் இருக்கும்போது. ஆகவே பத்து நாள் கழித்துக் கேட்டால் பலரும் ‘பரவாயில்லை’ என்றே சொல்வார்கள். மெஷின் இல்லாமலே அந்த இறக்கத்தில் ஒரு பங்கு வந்திருக்கும்.

பிறகு வலி மறுபடி ஏறும். பத்து சிட்டிங்கில் குணம் என்று நம்பி வந்தவர் பதினோராவது நாள் வருவதில்லை. பயிற்சி பலன் தரத் தொடங்குகிற கட்டத்துக்கு முன்பே ஆள் போய்விடுகிறார். போனவர் சும்மா இருப்பதுமில்லை. ‘கரண்ட் வெச்சும் கேக்கல’ என்று ஊசிக்கோ கட்டுக்கோ வேறொரு சுவர் விளம்பரத்துக்கோ போகிறார். வாக்குறுதியால் வந்த நோயாளியை அந்த வாக்குறுதியே துரத்திவிடுகிறது. நல்ல பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்ட்கூட இந்த அட்டையால் தன் வேலையைத் தானே பாதியில் வெட்டிக்கொள்கிறார்.

இரண்டாவது தொடரின் நான்காவது அட்டையை எழுதத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. எவ்வளவு குறையும் என்று மக்கள் கேட்பது நியாயம். பதில் சொல்லாமல் நழுவக்கூடாது. 2015இல் காக்ரேன் அமைப்பு முழங்கால் தேய்மானத்துக்கான பயிற்சிகளைப் பற்றிய சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தது. வலியை 0 முதல் 100 வரை அளந்தால், பயிற்சி செய்யாதவர்கள் 44இல் நின்றபோது செய்தவர்கள் 32இல் நின்றார்கள். பன்னிரண்டு புள்ளி வித்தியாசம். பயிற்சிக் காலம் முடிந்து சில மாதங்களில் அது ஆறு புள்ளியாகச் சுருங்கியது. 2024இல் வந்த புதுப்பிப்பு இந்தப் பயன் நோயாளிகள் உணரும்படி இருக்குமா என்பது உறுதியில்லை என்று சொன்னது. இதை அப்படியே அட்டையில் போட்டால் படிக்க மாட்டார்கள். நான் எழுதியது: ‘வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்போம். ஆறு முதல் பன்னிரண்டு வாரத்தில் சராசரியாக ஒரு மதிப்பெண் குறையலாம். சிலருக்குக் கூடுதலாக, சிலருக்கு ஒன்றுமே குறையாமல் போகலாம். பயிற்சியை விட்டால் பலனும் தேயும்.’

இந்த அட்டையைப் பார்த்தால் யார் வருவார்கள் என்று கேட்கத் தோன்றும். ஒரு மதிப்பெண்ணுக்காக யார் பஸ் ஏறுவார்கள்? அதற்கு விடை ஐந்தாவது அட்டையில் இருக்கிறது. அதில் ‘இது எடுத்துக்காட்டு, உண்மை ஆள் அல்ல’ என்று முதல் வரியிலேயே போட்டிருக்கிறேன். நடவுக்குப் போகும் 62 வயது அம்மா. முதல் நாள் வலி பத்துக்கு ஏழு. கைப்பிடி இல்லாத, சுமார் 43 சென்டிமீட்டர் உயர நாற்காலியில் உட்காரவைத்து, கையை மார்பில் கட்டிக்கொண்டு முப்பது வினாடியில் எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுகிறார்கள். ஆறு தடவை. அந்த வயதுப் பெண்களுக்குப் பன்னிரண்டுக்குக் கீழே போனால் குறைவு என்று கணக்கு.

வாரம் இரண்டு நாள் கிளினிக்கில், மற்ற நாளில் வீட்டில் பயிற்சி. நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்து உட்கார்வது, செங்கல் உயரப் படியில் ஏறி இறங்குவது, உட்கார்ந்தபடி காலை நீட்டி நிறுத்துவது. ஆறு வாரம் கழித்து வலி ஆறு. நாற்காலி எண்ணிக்கை ஒன்பது. எண்ணிக்கை ஒன்று கூடியிருந்தால் அன்றைய உடல்நிலை என்று விட்டுவிடலாம். மூன்று கூடினால் தொடைக்குப் பலம் வந்திருக்கிறது என்று பேசலாம். வலி பெரிதாக இறங்கவில்லை. அந்த அம்மா சொல்வது இதுவாக இருக்கும்: ‘வலி இருக்குது தம்பி. ஆனா பஸ்ஸுல ஏற யாரும் கை குடுக்க வேணாம்.’

முதல் அட்டையில் ‘மூட்டு வலியா’ என்று கேட்காமல் பஸ் படியைக் கேட்டது இதற்காகத்தான். வலி நீங்கும் என்பதைப் பேரம் பேசும் பொருளாக வைத்தால் மிஞ்சுவது ஏமாற்றம். படி ஏறுவது, குத்தவைத்த இடத்திலிருந்து எழுவது, கோயில் வரை நடந்து திரும்புவது என்று செயலை இலக்காக வைத்தால் அளக்க முடியும். அளந்ததை அவரிடம் காட்டவும் முடியும்.

ஐந்தாவது அட்டையில் இன்னொரு வரி உண்டு. ‘பயிற்சியின்போது வலி பத்துக்கு ஐந்து வரை போகலாம். மறுநாளுக்குள் பழைய நிலைக்கு இறங்க வேண்டும். இறங்காவிட்டால் சொல்லுங்கள், அளவைக் குறைப்போம்.’ இதை முன்பே சொல்லாவிட்டால் முதல் வாரத்துத் தசை வலியைத் தீங்கு என்று நினைத்து அம்மா நின்றுவிடுவார். முதல் தொடரைப் பார்த்து வந்தவர் அப்படி நின்றுவிடுவது ஏறக்குறைய நிச்சயம். வலி போகும் என்று அழைத்துவந்து வலிக்கவைத்தால் அவர் வேறென்ன நினைப்பார்?

வீல்சேர், நடை என்ற ஜோடிப் படத்துக்கு வருகிறேன். அந்தப் படம் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அதில் இருப்பவர் பக்கவாதம் வந்தவராக இருக்கலாம். பக்கவாதத்தில் முதல் மூன்று மாதத்தில்தான் மீட்சி வேகமாக இருக்கும். மூளை தானாகத் தேறுவதும் பயிற்சியும் அதில் கலந்திருக்கும். முதல் வாரம் ஒரு படம், பத்தாவது வாரம் ஒரு படம் எடுத்துப் பக்கத்தில் வைத்தால் எந்தக் கிளினிக்கும் அற்புதம் செய்ததுபோலத் தெரியும். அதே கிளினிக்கில் நடக்க முடியாமல் போனவர்களின் படம் அந்தத் தொடரில் வராது. இரண்டு வருஷமாகப் படுக்கையில் இருக்கும் தன் அப்பாவை நினைத்துக்கொண்டு மகன் அதைப் பார்க்கிறான். அவன் கடன் வாங்கி அழைத்துவருவான். அந்தப் படத்தின் மேல் எனக்கு இருக்கும் கோபம் அதுதான். நோயாளி சம்மதித்திருந்தாலும் இந்தக் குறை நீங்காது. அதனால் என் தொடரில் நோயாளி படமே இல்லை.

சட்டமும் இந்த இடத்தில் பேசுகிறது. 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் விளம்பரத் தடைச் சட்டத்தின் அட்டவணையில் பக்கவாதமும் வாதநோயும் இருக்கின்றன. அந்த நோய்களைக் குணப்படுத்தும் என்று மருந்தை விளம்பரம் செய்வது குற்றம். மருந்து என்பதற்கு அந்தச் சட்டம் தரும் வரையறை, உடம்பின் அமைப்பையோ இயக்கத்தையோ பாதிக்கும் நோக்கமுள்ள பொருள்களையும் உள்ளடக்கும் அளவுக்கு விரிந்தது. மெஷினைக் காட்டி வாதம் குணம் என்று எழுதுபவர் இதை ஒருமுறை படித்துவிடுவது நல்லது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளோடு சேவையையும் சேர்த்துக்கொள்கிறது. பொய்யான உத்தரவாதம் தருவதைத் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்றே அது சொல்கிறது. ‘100% குணம்’ என்ற அட்டை அந்த வரையறைக்குள் நேராகப் போய் விழுகிறது.

ஆனால் சட்டத்துக்குப் பயந்து எழுதுகிறவர் செய்யும் தவறு ஒன்று உண்டு. எல்லா அட்டையிலும் பெரிய எழுத்தில் ஆசை காட்டிவிட்டு, கடைசி அட்டையின் அடியில் ‘பலன் நபருக்கு நபர் மாறுபடும்’ என்று பொடி எழுத்தில் போடுவார். கரோசலில் இது எடுபடாது. பாதிப் பேர் கடைசிவரை தள்ள மாட்டார்கள். பேத்தி ஒரு அட்டையை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுவாள். அங்கிருந்து அது மேல்பாதி, கீழத்தெரு என்று போய்க்கொண்டே இருக்கும், மற்ற அட்டைகள் இல்லாமல். ஆகவே ஒவ்வொரு அட்டையும் தனியாகப் போனாலும் தப்பான பொருள் தரக்கூடாது. என் இரண்டாவது அட்டையில் ‘வளரவைக்க முடியாது’ என்பதும் ‘பலப்படுத்த முடியும்’ என்பதும் ‘குறையலாம்’ என்பதும் ஒரே கட்டத்துக்குள் ஒரே எழுத்தளவில் இருப்பது இதனால்தான்.

ஆறாவது அட்டைக்கு முதல் தொடரில் இணையே இல்லை. ‘முழங்கால் சிவந்து, சூடாகி, வீங்கிக் காய்ச்சலும் இருந்தால், விழுந்தபின் காலை ஊன்றவே முடியாவிட்டால், ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் எங்களிடம் வராதீர்கள். உடனே முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள்’ என்று அதில் இருக்கிறது. மூட்டில் சீழ், எலும்பு முறிவு, ரத்தக்குழாயில் உறைவு இவற்றை நினைத்து எழுதியது. அதன் கீழே இன்னொரு வரி: ‘படுக்கையை விட்டு எழ முடியாதவர்களுக்கு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வரும். கட்டணம் இல்லை. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.’ 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது.

சொந்தக் கிளினிக்கின் விளம்பரத்தில் வாடிக்கையாளரை வேறிடம் அனுப்புகிற அட்டை எதற்கு என்று கேட்டால், ஏழு அட்டைகளில் அதிகம் நம்பவைப்பது இதுதான் என்பேன். தன் வேலையின் எல்லை எங்கே முடிகிறது என்று சொல்லத் தெரிந்தவர், எல்லைக்கு உள்ளே சொல்வதையும் நம்பலாம் என்று ஊர்ப் பெரியவர்கள் கணக்குப் போடுவார்கள். பத்திரம் எழுதப் போன இடத்திலும் விதை வாங்கப் போன இடத்திலும் அவர்கள் ஆளை எடைபோடும் விதம் அதுவே.

பதிவைப் போடுமுன் செய்ய வேண்டிய சோதனை ஒன்று இருக்கிறது, செலவில்லாதது. ஒவ்வொரு அட்டையையும் டீக்கடையில் யாரிடமாவது காட்டி, ‘இதுல என்ன போட்டிருக்கு, உங்களுக்கு என்ன புரியுது?’ என்று மட்டும் கேட்க வேண்டும். ‘இங்க போனா சரியாயிடும்ங்கறாங்க’ என்று பதில் வந்தால் சொற்கள் எவ்வளவு எச்சரிக்கையாக இருந்தாலும் அட்டை வாக்குறுதி தந்துவிட்டது. பெரும்பாலும் குற்றவாளி படமாகத்தான் இருக்கும். ஊன்றுகோலைத் தூக்கி எறியும் தாத்தா, சூரிய உதயத்தில் ஓடும் பாட்டி. ‘குறையலாம்’ என்று எழுதிவிட்டுப் பக்கத்தில் ஓடும் பாட்டியை வைத்தால் பாட்டிதான் ஜெயிப்பாள். அந்த இடத்தில் ஒரு நாற்காலியும் கைக்கடிகாரமும் போதும்.

கடைசி அட்டையில் ‘எக்ஸ்ரே இருந்தால் எடுத்துவாருங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு, தளர்வான உடை. முதல் நாள் முக்கால் மணி நேரம் ஆகும்’ என்று எழுதி, பக்கத்திலேயே கட்டணத்தையும் சிகிச்சை தருபவரின் பட்டத்தையும் முழுதாகப் போட்டிருக்கிறேன். இதோடு தொடர் முடிந்துவிடும். போன் வரத் தொடங்கும். எழுத்தில் காத்துவந்த அத்தனையும் அங்கேதான் கைநழுவும். மேஜையில் இருக்கும் பெண்ணிடம் ஒரு மகன் கேட்பான், ‘எங்க அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் தேஞ்சுபோச்சுக்கா, சரியாயிடுமா?’ மனசு கேட்காமல் ‘கண்டிப்பா சரியாயிடும், கூட்டிட்டு வாங்க’ என்று வாயில் வந்துவிடும். அதனால் அவளுக்கும் ஒரு சீட்டு எழுதித் தொலைபேசியின் பக்கத்தில் ஒட்டச் சொல்வேன். அதில் இருப்பது இவ்வளவுதான்: ‘பழையபடி ஆயிடும்னு சொல்ல முடியாதுங்க. முதல் நாள் எவ்வளவு நடக்கறாங்க, எப்படி எழுந்திருக்கறாங்கன்னு அளந்து பாப்போம். ஆறு வாரம் கழிச்சு மறுபடி அளந்து உங்ககிட்டயே காட்டுவோம். எக்ஸ்ரே இருந்தா கையோட எடுத்துட்டு வாங்க.’